பொத்தானுக்கு இரண்டு மேசை தள்ளி

வீட்டுப் பராமரிப்பு பற்றிய அந்த வலைப்பதிவில் ஒன்பது ஆண்டுகளாக எடிட்டராக இருப்பவளுக்கு அலுவலகத்தில் ‘கடைசித் தடவை’ என்று பெயர். எந்தக் கட்டுரையை முடித்தாலும், “கடைசியா ஒரு தடவை பாத்துக்கிறேன்” என்பாள். அந்தக் கடைசிக்குப் பிறகு இன்னும் நாலு கடைசி வரும். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் புழங்கிற்று.

குழாய் வேலைக்காரர், பெயின்டர், தச்சர் என்று பலர் அந்த வலைப்பதிவுக்கு விருந்தினராக எழுதுவார்கள். வரைவை எழுதி அனுப்புவதோடு அவர்கள் அதிகாரம் முடிந்தது. அது ‘பார்வைக்கு’ என்ற பட்டியலில் வந்து நிற்கும். அவள் திருத்தி ‘ஒப்புதல்’ பட்டியலுக்கு மாற்றுவாள். வெளியிடும் பொத்தானோ உலகத்தில் ஒரே ஒருவருடைய திரையில்தான் தெரியும். அவர் முதலாளியின் மைத்துனர், பட்டன் சார். கட்டுரையைப் படிக்கும் கெட்ட பழக்கம் அவருக்கு இல்லை. காலையில் டீ குடித்த கையோடு, ஒப்புதல் பட்டியலில் உள்ளதையெல்லாம் மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே போவார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே என்று அவள் அடிக்கடி பெருமூச்சு விடுவாள்.

அந்தத் திங்கட்கிழமை கேஸ் மெக்கானிக் ஒரு வரைவு அனுப்பினார். முந்தின மாதம் இதே வலைப்பதிவில் வந்த ‘குளிரை வெளியே நிறுத்தப் பத்து வழிகள்’ பதிவில், குளியலறைக் காற்றுத் துவாரத்தைத் துணி வைத்து அடைக்கச் சொல்லியிருந்தார்கள். கேஸ் ஹீட்டர் உள்ள குளியலறையில் அதைச் செய்தால் நச்சுக்காற்று தேங்கி ஆளையே கொல்லும் என்று எழுதியிருந்தார். சனிக்கிழமை கடுங்குளிர் என்றது வானிலை அறிக்கை. அதற்குள் பதிவு வந்தாக வேண்டும்.

திங்கள் மாலையே அவள் ஒப்புதல் கொடுத்தாள். புதன் வந்தது, பதிவு வரவில்லை. மெக்கானிக் போன் செய்தார்.

“என்ன மேடம், நான் எழுதினதுக்கும் காத்து போக வழியில்லாம அடைச்சுட்டீங்களா?”

“என் வேலை முடிஞ்சிருச்சுண்ணா. பொத்தான் என்கிட்ட இல்ல.”

“நேத்து ரெண்டு வீட்டுல துணியை நானே உருவிட்டு வந்தேன். உங்க பதிவைக் காட்டி என்கிட்டயே சண்டை போடுறாங்க.”

அவள் இரண்டு மேசை தள்ளி நடந்தாள். பட்டன் சார் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

“சார், ஹீட்டர் கட்டுரை?”

“என்கிட்ட ஒண்ணும் இல்லையேம்மா.”

“திங்கக்கிழமையே அனுப்பிட்டேன் சார்.”

“இருந்தா அமுக்கியிருப்பேன்ல? எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை அதானே.”

இவ்வளவு நேர்மையான ஒப்புதல் வாக்குமூலத்தையும் அவள் நம்பவில்லை. இருக்கைக்குத் திரும்பி, அவருடைய சோம்பேறித்தனம் குறித்து முதலாளிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினாள். அருமையான மின்னஞ்சல். மூன்று பத்தி, ஒவ்வொன்றிலும் ஒரு குத்தல். அனுப்புமுன் ஆதாரத்துக்காகக் கட்டுரையின் மாற்றப் பதிவேட்டைத் திறந்தாள்.

திங்கள், ஐந்து மணி: ஒப்புதல் தரப்பட்டது. ஐந்து மணி நாற்பது: கட்டுரை திருத்தப்பட்டது, எனவே மீண்டும் பார்வைக்கு. இரண்டுக்கும் எதிரே அவள் பெயர்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் கடைசியாக ஒரு தடவை திறந்து, படத்தைக் கொஞ்சம் மேலே நகர்த்தியிருந்தாள். ஒப்புதலான கட்டுரையில் யார் கைவைத்தாலும் ஒப்புதல் ரத்தாகும். அந்த விதியைக் கேட்டு வாங்கியவளே அவள்தான். அவள் முடித்ததில் அலுவலகத்தில் வேறு யாரும் கைவைக்காமலிருக்க! இரண்டு நாளாகக் கட்டுரை அவளுடைய பட்டியலில், இருபது வரைவுகளுக்கு அடியில் கிடந்தது. வேறொருவர் சோம்பேறித்தனத்தைக் கண்காணிக்கும் மும்முரத்தில் அந்தப் பட்டியலை அவள் திறக்கவே இல்லை.

மின்னஞ்சல் இன்னும் திரையில் இருந்தது. அனுப்பினால் எல்லோரும் நம்புவார்கள். பட்டன் சாரே நம்பினாலும் நம்புவார். அந்த மூன்று பத்தியை அழிக்க அவளுக்கு உண்மையிலேயே மனசு வரவில்லை. ஆனாலும் அழித்தாள். எதையும் தொடாமல் ஒப்புதல் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

“சார், தப்பு என்னோடது. நான்தான் மறுபடி திறந்து படத்தை நகத்தினேன். இப்ப வந்திருக்கும். பழைய பதிவையும் எடுத்துடுங்க, அதுவும் உங்களாலதான் முடியும்.”

அவர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். வாழ்நாளில் முதன்முறையாக ஒரு கட்டுரையை முழுதும் படித்தார். படித்ததும் முகம் வெளுத்தது.

“ஏம்மா, எங்க வீட்டுலயும் துணிதான் வச்சிருக்கேன்.”

பொத்தானை அழுத்தினார், பழைய பதிவை நீக்கினார், உடனே மனைவிக்குப் போன் போட்டார்.

“அந்தத் துணியை உருவு. ஏன்னு அப்புறம் சொல்றேன். இல்ல, யார்கிட்டயும் கேக்க வேணாம், இப்பவே உருவு!”

அவள் மெக்கானிக்கை அழைத்து நடந்ததைச் சொன்னாள்.

“படம் இப்ப சரியா இருக்கா மேடம்?” என்றார்.

“இருக்குண்ணா,” என்றாள், தலை குனிந்தபடி.