196-ம் என் காவடியும்

எங்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தின் கணித தினத்தில் கணக்கு வாத்தியாரான நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

“எந்த எண்ணையும் திருப்பிப் போட்டுக் கூட்டிக்கிட்டே போனா, முன்னாலயும் பின்னாலயும் ஒரே மாதிரி வாசிக்கிற எண் வரும். வரலன்னா காவடி ஆடுறேன்!”

பிள்ளைகள் 57 கொடுத்தார்கள். 57+75=132, 132+231=363 என்று இரண்டே கூட்டலில் முடித்தேன். கைதட்டல்.

சக கணித டீச்சர், “196 போடுங்க சேர்” என்றார்.

887, 1675, 7436, 13783... கரும்பலகை தீர்ந்தது. அந்தக் குளிரிலும் எனக்கு வியர்த்தது. கூட்டலே மறந்துவிட்டதோ என்று விரல்விட்டுச் சரிபார்த்தேன்.

“கூட்டுறப்ப பக்கத்து இலக்கத்துக்கு மிஞ்சிப் போற ஒன்னு, சமச்சீரக் கெடுத்துக்கிட்டே இருக்குங்க சேர். கம்ப்யூட்டர்ல போட்டும் இன்னும் முடியல. முடியவே முடியாதுன்னும் யாரும் நிரூபிக்கல” என்றார் டீச்சர்.

“அப்ப நான் தோக்கலயே டீச்சர்!”

வகுப்பு நிரூபணத்துக்குக் காத்திருக்கவில்லை. கரும்பலகையில் கோடு போடும் நீள அடிமட்டத்தைத் தோளில் வைத்து ஆடினேன்.