ஹீல்ஸ் இல்லை, ஹீல்

குதிரை ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர் பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. "இந்த வயசுல உனக்குக் குதிரை ஒண்ணுதான் குறைச்சல்" என்றார். எதற்கு என்று கேட்கவில்லை. வாரம் முழுக்க தி.நகர் ஆபீஸ், அப்புறம் மேற்கு மாம்பலத்துச் சமையலறை. சனிக்கிழமை காலையில் ஒரு மணி நேரமாவது யாருக்கும் பதில் சொல்லாமல் கொஞ்சம் உயரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பயிற்சிப் பள்ளி பாலவாக்கம் பக்கம். ஸ்கூட்டர் ஹெல்மெட்டையும் கேன்வாஸ் ஷூவையும் மாட்டிக்கொண்டு போய் நின்றேன். பயிற்சியாளர் ராயப்பேட்டைக்காரர், சிடுசிடுவென்று பேசுகிறவர். ஹெல்மெட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா மேடம், வண்டி ஹெல்மெட்ட எட்துகினு வந்துகீறீங்க?"

"ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கே சார்" என்றேன்.

"அது ரோட்டுக்கு. குதிரைக்கு வேற. இது கழுத்துக்கு வெயிட்டு, சைடுல பாக்க முடியாது, நான் கத்துறது உங்க காதுல வுழாது. உள்ள லேபிள்ல ஏ.எஸ்.டி.எம். எஃப் 1163னு போட்டுகீதா பாத்து வாங்குங்க. தலைய புருவத்துக்கு மேல அளக்கணும், அளக்க சொல்ல கொண்டைய இறக்கிக்கோங்க. கொண்டை மேல ஹெல்மெட்டு குந்தினா அது நிக்காது." பிறகு என் காலைப் பார்த்தார். "ஷூவுக்கு ஹீல் வேணும்." பள்ளியிலேயே தருகிற ஹெல்மெட்டுகள் எல்லாம் பிள்ளைகள் அளவு. அன்று குதிரைக்குப் புல் போட்டுவிட்டுத் திரும்பினேன். வீட்டில் புருவம், கொண்டைக் கதையெல்லாம் சொல்லிப் புலம்பினேன். வீட்டுக்காரர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

பாண்டி பஜார் கடையில், ஹீல்ஸ் வைத்த பூட்ஸ் வேண்டும் என்றேன். "பார்ட்டிக்கா மேடம்?" என்றாள் கடைப் பெண். குதிரைக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது, தலையை ஆட்டிவிட்டேன். குதிகாலில் நல்ல உயரம், கணுக்கால் வரை மூடியது, பார்க்கவும் லட்சணம். ஹெல்மெட்டும் அந்த வாரமே ஆன்லைனில் வந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை பயிற்சியாளர் குனிந்து என் பூட்ஸின் அடியில் விரலை ஓட்டினார். குதிகாலிலிருந்து முன்பாதம் வரை ஒரே சரிவு, நடுவில் வெட்டே இல்லை.

"ஹீல்ஸ் கேக்கல மேடம், ஹீல் கேட்டேன். இங்க படி மாரி ஒரு வெட்டு வேணும். ஒரு இஞ்ச் போதும். அங்கவடில கால் உள்ள பூந்தா அந்தப் படிதான் நிறுத்தும். இது வழுக்கிகினு அந்தாண்ட போயிடும். நீங்க வுழுந்தா கால் மாட்டிக்கினு குதிரை இழுத்துகினு ஓடும்."

காலை ஊன்றும் அந்த இரும்பு வளையத்தை ஆட்டிக் காட்டினார். அடிப்பகுதி முரட்டுக் கட்டைகளாக இருந்தாலும் அதில் சிக்கிக்கொள்ளுமாம், ஆகவே மலையேறுகிற பூட்ஸும் ஆகாது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு ஷூவுக்கு எத்தனை தடவைதான் அலைவது. அன்றும் புல்தான் போட்டேன்.

ஒருவழியாக, சவாரிக்கென்றே செய்த பூட்ஸ் வந்தது. அடி ஏறக்குறைய வழவழப்பு, குதிகாலில் சின்னதாகச் சதுர வெட்டு. அதைப் போட்டுக்கொண்டு சில வாரங்கள் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். இடுப்பு கழன்றது, ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

அப்புறம் ஒரு காலை, காற்றில் ஒரு பிளாஸ்டிக் கவர் பறந்து வந்தது. குதிரை மிரண்டு பக்கவாட்டில் துள்ளியது. என் இடது கால் வளையத்துக்குள் சறுக்கியது, குதிகாலில் டக்கென்று நின்றது. நான் கீழே போகும்போது கால் சுலபமாகக் கழன்றுவிட்டது. தலை மட்டும் மரவேலியில் மோதியது. குதிரை நாலடி ஓடி நின்றுவிட்டது.

பயிற்சியாளர் ஓடிவந்து, தலை சுற்றுகிறதா, வாந்தி வருகிறதா என்று கேட்டார். பிறகு என் ஹெல்மெட்டைக் கழற்றினார். "இது இனிமே ஆவாது மேடம். வெளிய ஒரு கீறல்தான் தெரியுது, உள்ள நொறுங்கிகீது. வேற வாங்கினாதான் ஏத்துவேன்."

அடையாறில் டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பினார். வீட்டுக்கு வந்து, அந்த ஹெல்மெட்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். போதும், நமக்கு இது ஒத்துவராது என்று எனக்கே தோன்றிவிட்டது. மறுபடி அளவு, மறுபடி காத்திருப்பு, மறுபடி புல். எனக்குத் தெம்பில்லை.

வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஹெல்மெட்டை எடுத்து, கீறல் விழுந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். எழுந்து போய்த் தையல் மெஷின் டிராயரிலிருந்து அளவு நாடாவை எடுத்துவந்து என் பின்னால் நின்றார்.

"புருவத்துக்கு மேலதானே அளக்கணும்?"

"ஆமாம்" என்றேன்.

"கொண்டைய இறக்கிக்கோ" என்றார்.