ரெஃப்ரெஷ் செய்யாதீர்

ஒரகடத்தில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில், ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் ஒரு டேப்லெட் இருந்தது. ஷிப்ட் தொடங்கும்போது சரிபார்ப்பு விவரங்களை அதில் நிரப்ப வேண்டும். அந்த ஆப்பை எழுதிய மேதை நான்தான்.

ஷிப்ட் மாறும்போது டேப்லெட் திறந்தபடியே கைமாறும். முந்தைய ஷிப்டும் தரப் பிரிவும் கடைசியாக என்ன பதிந்தார்கள் என்று பார்க்க, ஆபரேட்டர்கள் திரையை ஒருமுறை கீழே இழுத்து ரெஃப்ரெஷ் செய்வார்கள். இழுத்தால் 'பக்கம் கிடைக்கவில்லை' என்று வந்தது. திரும்ப முகப்புக்குப் போய், நாலு திரை தாண்டி வந்தால்தான் புதிய பதிவுகள் தெரியும். அதற்குள் லைன் காத்து நிற்கும்.

சூபர்வைசர் உள்ளூர்க்காரர். 'ரெஃப்ரெஷ் செய்யாதீர்' என்று எல்லா மெஷினிலும் தாள் ஒட்டினார். மூன்றாம் மெஷினில் இருந்த தூத்துக்குடிப் பெண் மட்டும் இழுத்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு மெமோ வந்தது. காண்ட்ராக்ட் நீட்டிப்புக்கு இன்னும் பத்து நாள்தான். மெமோ இருந்தால் நீட்டிக்க மாட்டார்கள்.

மெமோவில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். என்னைக் கூப்பிட்டார்கள்.

"இன்னா சார், நீயே சொல்லு. படிச்சுப் படிச்சு சொல்லிக்கினு கீறேன். கேக்க மாட்டேங்குது" என்றார் சூபர்வைசர்.

"இழுக்காம எப்படிண்ணே தெரியும்? நேத்துக் காலைல தரப் பிரிவுல அளவ மாத்திட்டாவ. பழச வச்சு ஓட்டியிருந்தா அத்தனையும் கழிவுல்லா" என்றாள் அவள் என்னிடம்.

என் லேப்டாப்பில் எத்தனை முறை இழுத்தாலும் பக்கம் வந்தது. அந்தத் திமிரில் ஒரு வாரமாக, டேப்லெட்தான் மட்டம் என்று சொல்லித் திரிந்திருந்தேன். அங்கேயே நின்று நானும் இழுத்தேன். கிடைக்கவில்லை. அப்போதுதான் மண்டையில் ஏறியது.

உள்ளே விரலால் தட்டிப் போகும்போது முகவரியை மாற்றுவது ஆப்தான்; சர்வரிடம் அது பக்கம் கேட்பதில்லை. ரெஃப்ரெஷ் செய்தால், மூன்றாம் மெஷின் பக்கத்தைத் தா என்று சர்வரிடம் நேராகக் கேட்கிறது. அங்கே அப்படி ஒரு கோப்பே கிடையாது. கேட்ட கோப்பு இல்லையென்றால் முதல் பக்கத்தையே கொடுத்துவிடு, மிச்சத்தை ஆப் பார்த்துக்கொள்ளும் என்று சர்வருக்குச் சொல்லியிருக்க வேண்டும். லேப்டாப்பில் இருந்த சோதனை சர்வர் அதைத் தானாகவே செய்துகொண்டிருந்தது. இங்கே செய்ய வேண்டியவன் நான். ஒரே வரி. விட்டுவிட்டேன்.

சர்வர் அறைக்குப் போய் எழுதிவிட்டு வந்தேன். அவள் இழுத்தாள். பக்கம் வந்தது.

"அதான் சரியாயிடுச்சே. நீ ஒரு கையெழுத்துப் போட்டுடும்மா, ஃபைலுக்கு" என்றார் சூபர்வைசர்.

"தப்பு செஞ்சவுக போடட்டும் சார்."

மெமோ தாளை நான் வாங்கினேன். 'விளக்கம்' என்ற கட்டத்தில், சர்வரில் ஒரு வரி விடுபட்டது என் பிழை, இவர் செய்தது சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"அது ஆபரேட்டர் போடற எடம் சார். மேனேஜர் கேப்பாரு."

"கேக்கட்டும். அவரையும் வந்து இழுத்துப் பாக்கச் சொல்லுங்க."

அவள் அதற்குள் கையுறையை மாட்டிக்கொண்டு மெஷினுக்குத் திரும்பியிருந்தாள்.