அண்ணனுக்குப் போன சோதனைப் பெட்டி

அந்த ஆவணி மாதத்தில் என் மகளுக்குப் பதினோராம் மாதம் நடந்துகொண்டிருந்தது. குலதெய்வம் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்த நாள் குறித்தாயிற்று. அவளை யார் மடியில் உட்கார வைப்பது என்பது மட்டும் முடிவாகவில்லை. தாய்மாமன் மடியில்தான் குத்த வேண்டும். தாய்மாமன், அதாவது என் அண்ணன், புனேயில் இருந்தான். எட்டு மாதமாக அவனும் எங்கள் வீடும் பேசிக்கொள்வதில்லை.

தொட்டில் போட்ட அன்று உறவுக்காரர்கள் நடுவில் அண்ணன், "இத்தன படிச்ச புள்ளய ஊட்டுக்குள்ளயே வெச்சிருக்கீங்களே" என்று சொல்லிவிட்டான். என் அத்தை, கணவரின் அம்மா, சிரித்துக்கொண்டே, "அது எங்க ஊட்டுப் புள்ளைங்க சாமி. நாங்க பாத்துக்குவோம்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பாலைச் சூடு பண்ணப் போகிறேன் என்று உள்ளே போய்விட்டேன். அண்ணன் அன்று மாலையே கிளம்பிப் போனான். "அவங்களா பேசட்டும், நீயா கூப்புடாத" என்றார் கணவர். நான் கூப்பிடவில்லை. சொன்னபடி நடப்பதுதான் எனக்குச் சுலபமாக வரும்.

என் பெரியப்பா மகனைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்துவிடலாம் என்று அத்தை சொல்லத் தொடங்கியிருந்தார். அவரும் முறைக்கு மாமன்தானாம். அவர் என் மகளைப் பார்த்ததுகூட இல்லை.

அந்தச் சமயத்தில் நான் வீட்டிலிருந்தே ஒரு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இணையத்தில் பரிசுப்பொருள் விற்கும் கடை ஒன்றுக்குத் தமிழில் விளம்பரம் எழுதுவது. வடக்கே ராக்கிக்கு அந்தக் கடையில் பெரிய வியாபாரம். நம் பக்கம் ராக்கி கட்டும் பழக்கம் இல்லாததால், எங்களுக்கு மட்டும் அதற்கு 'உடன்பிறப்பு நாள்' என்று பெயர் வைத்தார்கள். வெவ்வேறு ஊரில் இருக்கும் அண்ணன் தங்கைகளுக்கான சலுகை அது. பெட்டியை நாமே தேர்ந்தெடுக்கலாம். முந்திரி அல்வா, வாசனைச் சோப்பு, காபிக் குவளை, கூடவே கையெழுத்து மாதிரி அச்சிட்ட ஒரு அட்டை. விலைச்சீட்டு பெட்டிக்குள் போகாது. பெருநகரம் என்றால் மூன்று நாளுக்கு முன்பும், சிற்றூர் என்றால் ஆறு நாளுக்கு முன்பும் ஆர்டர் வந்தாக வேண்டும். பின்கோடைப் போட்டதும் எந்த நாளில் போய்ச் சேரும் என்று தளமே காட்டும். ஒரு கைபேசி எண்ணுக்கு ஒரு முறைதான் தள்ளுபடிக் குறியீடு வேலை செய்யும்.

என்னை மேற்பார்வை பார்த்தவள் கோயம்புத்தூரில் இருந்த ஒரு பெண். என்னைவிட இளையவள், ஆனாலும் அவளை மேடம் என்றுதான் கூப்பிடுவேன். அட்டைக்கு மாதிரி வாசகம் எழுதி அனுப்பினேன். மூன்று முறை திருப்பி அனுப்பினாள்.

"அக்கா, இது பொங்கல் வாழ்த்தாட்டம் இருக்குதுங்க. நெசமாவே ஒரு தங்கச்சி அண்ணனுக்கு எழுதுனாப்பல வேணும்."

"எப்படிங்க மேடம்?"

"உங்களுக்கு அண்ணன் இல்லீங்களா? அவருக்கு எழுதுங்க."

அன்று மத்தியானம் குழந்தை தூங்கியதும் உட்கார்ந்து எழுதினேன். 'அண்ணா, அன்னைக்கு நான் பேசாம இருந்துட்டேன். தப்புதான். பாப்பாவுக்கு உன் மடி வேணும்.' வேலைக்காகத்தானே எழுதுகிறோம் என்று சொல்லிக்கொண்டேன். மேடத்துக்கு அனுப்பியதும், "இதாங்க வேணும்!" என்று பதில் வந்தது.

அடுத்தது சோதனை ஆர்டர். சலுகை தொடங்குமுன் நாங்களே ஒரு ஆர்டர் போட்டுப் பார்க்க வேண்டும். எங்களுக்கென்று தரும் குறியீட்டில் முழுத் தள்ளுபடி கிடைக்கும். பெறுபவர் பெயருக்கு முன் 'சோதனை' என்று போட வேண்டும் என்பது விதி. அதைப் பார்த்தால் கிடங்கில் இருப்பவர்கள் பெட்டி கட்டாமல் ரத்து செய்துவிடுவார்கள்.

பெயர், முகவரி, பின்கோடு, பெறுபவரின் எண் எல்லாம் சரியாக இருந்தால்தான் தளம் அடுத்த பக்கத்துக்குப் போகும். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த வெளியூர் முகவரி ஒன்றே ஒன்றுதான். அண்ணனுடையது. அதையே போட்டேன், அனுப்புபவர் இடத்தில் என் பெயரையும். நான் எழுதிய வரிகளோடு அட்டையின் மாதிரிப் படம் திரையில் வந்தது. 'சோதனை' என்ற சொல் அண்ணன் பெயரோடு சேர்ந்து அட்டையின் மேலேயே நின்றது. அந்தப் படத்தைத்தான் தலைமை அலுவலகத்தின் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும். அசிங்கமாக இருக்கிறதே என்று அந்தச் சொல்லை எடுத்தேன். படம் பிடித்துக்கொண்டு உடனே ரத்து செய்துவிடலாம் என்று நினைத்து ஆர்டரை உறுதி செய்தேன். படமும் பிடித்தேன்.

"ஏங்கண்ணு, பாப்பா எந்திரிச்சு அழுகறா, காது கேக்கலியா?" என்று அத்தை குரல் கொடுத்தார்.

ஓடினேன். அவளுக்கு லேசாகச் சூடாக இருந்தது. சளியா, பல்லா, வேறு ஏதாவதா என்று அன்று முழுக்க வெப்பமானியும் கையுமாக இருந்தேன். ரத்து செய்வது நினைவுக்கே வரவில்லை.

மறுநாள் காலை பதினோரு மணிக்குத் திரையைத் திறந்தபோது, ஆர்டருக்கு எதிரே 'கட்டி முடிந்தது' என்று பச்சையில் இருந்தது. ரத்து செய்யும் பொத்தான் போய்விட்டது. இனிமேல் மேடத்தைக் கூப்பிட்டு, அவள் கிடங்குக்குச் சொல்லி, கூரியர் வண்டி ஐந்து மணிக்கு வருமுன் பெட்டியைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். விதியை மீறினேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். 'மேடம், ஒரு சின்னத் தப்பு' என்று தட்டினேன், அழித்தேன். மறுபடி தட்டினேன். தப்பை மறைக்கத்தான் தயங்குகிறேனா, பெட்டி போகட்டும் என்றே தயங்குகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. கணவர் கூப்பிடாதே என்றார். நான் கூப்பிடவில்லையே, கடைதானே கூப்பிடுகிறது என்றும் ஒரு எண்ணம் வந்தது. அந்த எண்ணம் எனக்கே வெட்கமாக இருந்தது. ஐந்து பத்துக்கு 'கூரியரிடம் ஒப்படைக்கப்பட்டது' என்று மாறியது.

மூன்றாம் நாள் மதியம், 'பெறுபவரிடம் சேர்ந்தது'. அண்ணனிடமிருந்து அழைப்பு வரவில்லை. அன்று சாயங்காலமும் வரவில்லை. காதுகுத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. பத்திரிகை அச்சடிக்கக் கொடுக்கலாமா என்று அத்தை கேட்டார். தாய்மாமன் பெயர் போடும் இடத்தில் பெரியப்பா மகன் பெயரைப் போடலாம் என்றார். "ரெண்டு நாள் பொறுங்க அத்தை" என்றேன். "எதுக்கு?" என்றார். பாப்பாவுக்குச் சோறு ஊட்டப் போய்விட்டேன்.

அதற்குள் சலுகை தொடங்கிவிட்டது. நான் எழுதிய அந்த வாசகம் இருந்த அட்டையையே விளம்பரப் படமாக்கிவிட்டார்கள். பெயரை மட்டும் எடுத்திருந்தார்கள். படம் வாட்ஸப்பில் வாடிக்கையாளர்களுக்குப் போயிற்று. யாருக்கெல்லாம் போக வேண்டும் என்ற பட்டியலைத் தேர்ந்தவளும் நான்தான். இதுவரை பரிசு வாங்கியவர்கள், பரிசு பெற்றவர்கள் என்ற இரண்டு கட்டத்திலும் குறி போட்டிருந்தேன். பரிசு பெற்றவர்களில் அண்ணனும் ஒருவன் என்பது அனுப்பிய பிறகுதான் உறைத்தது.

பரிசு கிடைத்தவர்களுக்குக் கடையிலிருந்து ஒரு சுட்டி போகும். அதில் அவர்கள் நன்றி எழுதலாம். வருகிற பதில்களைப் படித்து, நல்லதைப் பிரித்து வைப்பது என் வேலை. காலை உணவு முடித்து உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். 'அல்வா சூப்பர்', 'குவளை உடைந்து வந்தது', 'என் அக்காவுக்கு நன்றி'. பதினான்காவது பதில் புனேயிலிருந்து.

'என் தங்கச்சி பேரில் ஒரு பெட்டி வந்தது. அட்டையில் இருந்த அதே வரி நேற்று உங்கள் விளம்பரத்தில் வந்தது. அதை எழுதியது என் தங்கச்சியா, உங்கள் கடையா? அவள் எழுதியது என்றால் ஊருக்கு டிக்கெட் போட வேண்டும். கடை எழுதியது என்றால் சொல்லிவிடுங்கள்.'

கீழே, 'ஒரு நாளுக்குள் பதில் அனுப்பவும்' என்ற குறிப்பும், பதிலுக்கென்று முன்பே எழுதி வைத்த வாசகங்களும் இருந்தன. 'உங்கள் அன்புக்கு நன்றி.' 'சிரமத்துக்கு வருந்துகிறோம்.' அவற்றையும் நான்தான் எழுதியிருந்தேன். ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை.

குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மொட்டை மாடிக்குப் போய் அண்ணனைக் கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"கடையா, நீயா?" என்றான்.

"அண்ணா, அது சோதனை ஆர்டருண்ணா. வரக்கூடாது. நான் ரத்து பண்ண மறந்துட்டேன்."

"அப்ப கடைதான்."

"இல்ல. வரி என்னுது. வேலைக்குன்னு எழுதுனேன். ஆனா உனக்குத்தான் எழுதுனேன்."

"ஊருக்கெல்லாம் அனுப்பிட்டு, எனக்கும் ஒண்ணா?"

"உனக்குத்தான் மொதல்ல வந்துச்சு."

அவன் சிரித்தானா, மூச்சு விட்டானா தெரியவில்லை. "அந்த அல்வாவ வாயில வெக்க முடியல. உங்க கடைக்காரங்ககிட்ட சொல்லு" என்றான். பிறகு குரல் மாறியது. "பாரு சாமி. நான் வரணும்னா வாரேன். ஆனா மாமன அழைக்கிற முறைன்னு ஒண்ணு இருக்குதில்ல? மாப்பிள்ள ஒரு வார்த்த கூப்புடட்டும். திருட்டுத்தனமா வந்து உக்கார மாட்டேன்."

கீழே வந்தேன். கணவர் கோழிப்பண்ணையிலிருந்து அப்போதுதான் வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். சோதனை ஆர்டர், எடுத்த சொல், ஐந்து மணி வண்டி, எதையும் விடவில்லை. சொல்லச் சொல்ல, நான் வேண்டுமென்றே செய்ததுபோல எனக்கே கேட்டது.

"கூப்புடாதன்னு சொன்னேனில்ல?" என்றார் கணவர்.

"ஆமாங்க."

"கூப்புடாம பெட்டி அனுப்பிச்சிருக்கா, பாருடா" என்றார் அத்தை கீரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "படிச்சவளாச்சே."

"தெரியாம நடந்துருச்சுங்க அத்தை."

"தெரியாமயோ, தெரிஞ்சோ. பத்திரிகைக்காரன் நாளைக்கு வாரான். யாரு பேருன்னு சொல்லோணுமில்ல?"

நான் மகளைக் கீழே விட்டேன். அவள் தவழ்ந்து போய் அப்பாவின் ஈரக்காலைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க, எனக்காக வேண்டாம். அவளுக்கு மாமன் ஒருத்தன்தான். ஒரு வார்த்தை பேசுங்க" என்றேன். கல்யாணமானதிலிருந்து அவரிடம் நான் எதையும் இரண்டாவது முறை கேட்டதில்லை. அன்று மறுபடியும், "பேசுங்க" என்றேன்.

அவர் அம்மாவைப் பார்த்தார். அத்தை கீரையையே ஆய்ந்துகொண்டிருந்தார்; கூடாது என்று சொல்லவில்லை. எண்ணைப் போட்டுக் கொடுத்தேன். அவர் கைபேசியோடு வாசலுக்குப் போனார். ஜன்னல் வழியே அவர் வேப்பமரத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பது தெரிந்தது. என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. ஒரு முறை நின்று தலையைச் சொறிந்தார்.

உள்ளே வந்து கைபேசியை என்னிடம் நீட்டினார்.

"உங்கண்ணன் காதுகுத்தன்னைக்குக் காலையில கோயிலுக்கு நேரா வந்துருவாங்களாம். மடியில உக்கார வெச்சுட்டு, அங்கிருந்தே பஸ் ஏறிக்கறாங்களாம். ஊட்டுக்கு வரலியாம்."

"மாமன் ஊட்டுக்கு வராம எப்படிடா?" என்றார் அத்தை.

"நீங்களே கேட்டுக்கங்கம்மா" என்றார் அவர்.

அத்தை கீரைத் தட்டோடு அடுப்படிக்குப் போய்விட்டார். நான் மேசைக்குத் திரும்பி, அந்தப் பதினான்காவது பதிலுக்கு எதிரே 'தீர்ந்தது' என்று குறித்தேன். அப்படிக் குறிக்காமல் அடுத்த பதிலைத் திறக்க முடியாது.