அறுபதின் கீழ் ஐந்நூற்று நான்கு

கணக்கு டீச்சர் விடைத்தாள் திருத்தப் போகாத வருடம் இல்லை. மூட்டு வலி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள வழி இருந்தும், கடிதம் வந்த அன்றே சிவப்புப் பேனா நான்கு வாங்கிவிடுவாள். "உனக்கென்ன வேண்டுதலா?" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். அவள் சிரிக்கமாட்டாள்.

காரணம் பதினான்கு வருடத்துக்கு முந்தைய ஒரு விடைத்தாள்.

ஐந்து பெண்கள், நான்கு ஆண்கள். ஒன்பது பேரில் மூவர் கொண்ட குழுவை எத்தனை வழிகளில் அமைக்கலாம்? அவற்றில் எத்தனையில் மூவரும் பெண்கள்? மூவரும் பெண்களாக இருக்க நிகழ்தகவு என்ன? மூன்று பிரிவு, ஏழு மதிப்பெண். குழுவில் யார் முதலில், யார் அடுத்து என்ற பேச்சே இல்லை. வரிசை பார்க்கக் கூடாது. அந்தப் பிள்ளை வரிசை பார்த்துவிட்டது. எண்பத்து நான்கு வரவேண்டிய இடத்தில் 9×8×7 = 504. பத்து வரவேண்டிய இடத்தில் 5×4×3 = 60. டீச்சர் இரண்டையும் அடித்தாள். மூன்றாவது பிரிவில் 60/504 என்று கண்ணில் பட்டதுமே, அடித்தளமே கோணல் என்று, அடுத்த வரியைப் பொருட்படுத்தாமல் அதையும் அடித்தாள். மொத்தம் முப்பத்திரண்டு என்று அட்டையில் எழுதினாள். தேற முப்பத்தைந்து வேண்டும்.

மாலை பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போதுதான் சுருக்கென்றது. ஒவ்வொரு குழுவையும் அந்தப் பிள்ளை ஆறு தடவை எண்ணியிருக்கிறது. மேலேயும் ஆறு மடங்கு, கீழேயும் ஆறு மடங்கு. வகுத்தால் ஆறு ஆறோடு போய்விடும். 60/504 என்றாலும் 10/84 என்றாலும் 5/42தான். அடுத்த வரியில் அது சுருக்கியும் எழுதியிருந்தது. மூன்றாவது பிரிவு சரி. அதற்கு மூன்று மதிப்பெண்.

மறுநாள் திருத்தும் மையத்தின் வாசல் திறக்கும் முன்பே போய் நின்றாள். கட்டு முத்திரை வைத்துப் போயிருந்தது. தாளின் எண்ணையும் அவள் குறித்து வைத்திருக்கவில்லை. "போனது போச்சு, விடுங்க டீச்சர்" என்றார் அப்போதிருந்த மைய மேலாளர்.

அவள் விட்டாலும் அது விடவில்லை. நடுவில் கோடு போட்ட ஏழு அந்தப் பிள்ளையுடையது. மருந்துச் சீட்டில் அப்படி ஒரு 7 கண்ணில் பட்டால் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிடுவாள். வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பினால், யாரோ முதுகுக்குப் பின்னால் எழுந்து நின்று பதிலுக்குக் காத்திருப்பதுபோல இருக்கும். திரும்பினால் எல்லாரும் உட்கார்ந்துதான் இருப்பார்கள்.

இந்த வருடம் மூன்றாம் நாள் காலை, அதே எண்களோடு அதே கேள்வி. ஆறாவது தாளில் 504. டீச்சர் பேனாவைக் கீழே வைத்தாள். ஏழில் கோடு இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. வேறு கை. முதல் இரண்டு பிரிவுக்கும் பூஜ்யம் போட்டு, மூன்றாவதற்கு மூன்று போட்டாள்.

சரிபார்க்க வந்த தலைமைத் திருத்துநர், அவளைவிட இருபது வயது சின்னவர், அங்கேயே விரல் வைத்தார்.

"டீச்சர், விடைக்குறிப்புல 10/84-னுல்ல போட்டிருக்கு. இவன் வரிசை பாத்து எண்ணியிருக்கான். தப்புதானே?"

"எண்ணுனது தப்பு சார். அதுக்கு அடிச்சிட்டேன். ஆனா மேலயும் கீழயும் ஒரே மாதிரி எண்ணியிருக்கான். மூணு பேர மாத்தி மாத்தி நிக்கவச்சா ஆறு விதம். ரெண்டு பக்கமும் அந்த ஆறு அடிபட்டுப் போயிடும்."

"மேல மட்டும் வரிசை பாத்து, கீழ பாக்காம விட்டிருந்தா?"

"60/84-னு வரும். அப்ப நானே அடிப்பேன்."

அவர் ஒரு தாளில் போட்டுப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். "சரிதான். காலைல எத்தனை பேர் இத அடிச்சாங்களோ..."

"கட்டு இன்னும் இங்கதான சார் இருக்கு? பிரிங்க."

குரல் உயர்ந்துவிட்டது அவளுக்கே தெரிந்தது. பக்கத்து மேசைகள் நிமிர்ந்து பார்த்தன. முணுமுணுத்துக்கொண்டே எல்லாரும் முடித்த கட்டுகளைப் பிரித்தார்கள். மதியத்துக்குள் நான்கு தாள்கள் அகப்பட்டன. நான்கிலும் மூன்று மூன்று ஏறியது. ஒன்று முப்பத்து நான்கிலிருந்து முப்பத்தேழுக்குப் போனது.

டீ இடைவேளையில் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எப்படி டீச்சர் டக்குனு புடிச்சீங்க?"

அவள் சொன்னாள். பதினான்கு வருடத்தில் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாததை, அட்டையில் எழுதிய முப்பத்திரண்டு வரை சொன்னாள்.

"அடுத்த தடவை எழுதி பாஸ் பண்ணியிருக்கும் டீச்சர். இன்னைக்கு நாலு பேரக் காப்பாத்திட்டீங்கல்ல?"

"இந்த நாலு பேர் வேற சார்." டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அது பொண்ணா பையனான்னுகூட எனக்குத் தெரியாது."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மணி அடித்தது. டீச்சர் எழுந்து போய் ஏழாவது தாளைத் திறந்தாள்.