பின்னோக்கிச் சாய்ந்த தகடுகள்

சிவராமகிருஷ்ணன் பாலிகஞ்சில் ரயில் ஏறி, ஷியால்தாவில் வண்டி மாறி, கல்கத்தாவுக்கு வடக்கே இருந்த ஒரு பீரங்கித் தொழிற்சாலைக்கு இருபத்தோரு வருடம் போய்வந்தார். வரைபடப் பிரிவில் வேலை. ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பென்சில்கள் இருக்கும், கடினமான முனையோடு ஒன்றும் மென்மையான முனையோடு ஒன்றும்.

எழுபத்தேழாம் வருடம் ஒரு புதிய, இலேசான பீரங்கியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சுடும்போது ஏற்பட்ட உதையைத் தாங்காமல் அதன் பின்கால்களில் பற்றவைத்த இடம் விரிசல் விட்டது. கால்களைத் தடிமனாக்கினால் எடை கூடும். மலைக்கு இழுத்துப் போக முடியாது.

"குழல் நுனியில் இருக்கும் பிரேக்கில் ஏதாவது செய்ய முடியுமா பாருங்கள்" என்றார் அதிகாரி.

பிரேக் என்பது குழலின் நுனியில் திருகி மாட்டிய, பக்கங்களில் வாய் திறந்த ஓர் எஃகு உருளை. குண்டு வெளியேறியதும் பின்னாலேயே வேகமாக வரும் வெடிவாயு அதற்குள் இருக்கும் தகடுகளில் மோதி, பக்கவாட்டில் திரும்பும். வாயு தகட்டை முன்னே தள்ளுவதால், பின்னே ஓடும் குழலின் வேகம் தணியும். தகட்டைப் பின்பக்கம் சாய்த்தால் வாயுவும் பின்பக்கம் திரும்பும், தணிவும் கூடும். சிவராமகிருஷ்ணன் ஒரு வாரம் கணக்குப் போட்டுத் தகடுகளின் சாய்வை மாற்றினார்.

முதல் சுற்றுகளைச் செங்கல் சுவருக்குப் பின்னால் நின்று, நீண்ட கயிற்றை இழுத்துச் சுட்டார்கள். பிரேக் இல்லாத குழலோடு ஒப்பிட்டால், பழைய தகடுகள் உதையை மூன்றில் ஒரு பங்கு குறைத்திருந்தன. இப்போது கிட்டத்தட்டப் பாதி குறைந்தது. கால்களில் ஒரு விரிசலும் இல்லை. எல்லோரும் அவர் கையைக் குலுக்கினார்கள்.

அடுத்து, போர்க்களத்தில் நிற்பதுபோல் ஆட்கள் அவரவர் இடத்தில் இருந்து சுட வேண்டும். குறிபார்ப்பவர் நிர்மல் ஹால்தார். பீரங்கியின் இடப்பக்கம், குறிக்கண்ணாடிக்கு முன் அவர் இடம். மதியம் சிவராமகிருஷ்ணனோடு சேர்ந்து சாப்பிடுவார். அவர் கொண்டுவரும் மீனை இவர் தொடமாட்டார். இவர் கொண்டுவரும் தயிர்சாதத்தைப் பாதியாவது அவர் தின்றுவிடுவார். வங்காளி வழக்கப்படி ஒருவரையொருவர் அண்ணன் என்ற பொருளில் 'தாதா' என்றும், பெயரோடு சேர்த்து 'தா' என்றும் கூப்பிடுவார்கள்.

முதல் குண்டு போனதும் புழுதி பக்கவாட்டில் எழுந்து பின்னால் சுருண்டு வந்ததை சிவராமகிருஷ்ணன் சுவருக்குப் பின்னாலிருந்து பார்த்தார். சத்தம் நெஞ்சில் அறைந்தது. வாயு போன பக்கமே சத்தத்தின் அடியும் போயிருந்தது. அங்கேதான் ஹால்தார் உட்கார்ந்திருந்தார், காதில் பஞ்சோடு.

மூன்று நாள், நாற்பது சுற்றுகள்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் ஹால்தார் சொன்னார்: "தாதா, காதுக்குள்ளே யாரோ விசிலடிக்கிறாங்க. ராத்திரிகூட நிக்கலை."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"எங்கே?"

"டாக்டர்கிட்ட."

"ஓ. போனேன். தானா நிக்கும்னாரு."

அன்றே சிவராமகிருஷ்ணன் ஒரு குறிப்பு எழுதினார். சாய்வைக் குறைக்க வேண்டும், அல்லது குறிபார்ப்பவர் தள்ளி நிற்க ஏதாவது வழி வேண்டும். அதிகாரி படித்துவிட்டு, "சாய்வைக் குறைத்தால் கால் மறுபடி உடையும். உங்கள் கணக்குதானே" என்றார் மெதுவாக. "தள்ளி நின்றால் எதைப் பார்த்துக் குறிவைப்பது?"

சிவராமகிருஷ்ணன் தன் மேசைக்குத் திரும்பினார். கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். அது சரியாகவே இருந்தது.

காதுமூடி கேட்டு இரண்டாம் குறிப்பு போனது. எட்டு மாதம் கழித்து வந்த காதுமூடிகளை மாட்டினால் சுடச்சொல்லும் குரல் கேட்கவில்லை என்று ஆட்கள் கழற்றி வைத்தார்கள். மூன்றாம் குறிப்புக்குப் பதிலே வரவில்லை. வரைபடம் ஒப்புதலாகி, மூலையில் அவர் கையெழுத்தோடு அச்சுக்குப் போனது.

வீட்டில் ஒருநாள் மனைவி வத்சலா கேட்டாள்: "என்னன்னா, பத்து நாளா சரியா சாப்பிடலையே. ஆஃபீஸ்ல ஏதாவது ஆயிடுத்தா?"

"ஒண்ணுமில்லை. நான் போட்ட கணக்கு சரியா வந்துடுத்து."

"அதுக்கா இப்படி இருக்கேள்?"

அவர் பாதிச் சாப்பாட்டில் கை கழுவ எழுந்தார்.

எழுபத்தொன்பதில் ஹால்தாரைச் சாமான் கிடங்குக்கு மாற்றினார்கள். முதலில் பெண்கள், குழந்தைகளின் குரல்தான் அவருக்குத் தெளிவில்லாமல் போனது. பிறகு கூட்டத்தில் யார் குரலும். மகள் பேசும்போது அவளுடைய உதட்டையே பார்ப்பதாகச் சொன்னார்.

துர்கா பூஜை விடுமுறைக்கு முந்தின மாலை, பிளாட்பாரத்தில் சிவராமகிருஷ்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வருடமாகச் சொல்ல நினைத்ததைச் சொன்னார். "அந்தச் சாய்வு என்னுடையது, நிர்மல்தா. நான்தான் வரைஞ்சேன்."

கல்கத்தா வண்டி நுழைந்துகொண்டிருந்தது. ஹால்தார் அவர் வாயைக் கவனமாகப் பார்த்தார். பிறகு சிரித்து, தலையாட்டினார்.

"ஆமா தாதா, நாலு நாள் லீவு. வீட்டுல எல்லாரையும் கேட்டதா சொல்லுங்க."

அந்தக் கூட்டத்தில் உரக்கக் கத்திச் சொல்லும் விஷயமில்லை அது. சிவராமகிருஷ்ணன் சரியென்று தலையசைத்து, அவரை முதலில் ஏறவிட்டு, பின்னால் ஏறினார்.