காரமில்லாத டப்பா

அவள் கைகள், வதக்கி ஆறவைத்த வெங்காயம் தக்காளி மசாலாவை டப்பாக்களில் பிரித்துக்கொண்டிருந்தன. விருந்தினர் வரும் முதல் நாள் இரவு இதில் அவித்த முட்டை விழும், மறுநாள் காய்கறி. கடைசி நாளுக்கானது ஃப்ரீசருக்குப் போகும். காலையில் ரொட்டி, பழம் மேசைமேல் இருக்கும், அவரவர் எடுத்துக்கொள்ளலாம்.

தையற்காரி அவள். துணி முழுவதையும் வெட்டி வைத்துக்கொண்டுதான் தைக்க உட்காருவாள். போன முறை அண்ணன் குடும்பத்தோடு வந்தபோது சமையலில் அதைச் செய்யவில்லை. "வந்து உக்காரேம்மா" என்று அண்ணன் மூன்று நாளும் கூடத்திலிருந்து கூப்பிட்டார். "இதோ வர்றேண்ணா" என்றபடியே அடுப்படியில் கிடந்தாள். ஊர் திரும்பிய மாதமே அவர் இறந்துபோனார். இப்போது வருவது அண்ணியும் பிள்ளைகளும். இந்த முறையாவது உட்கார்ந்துவிட வேண்டும்.

"என்ன, ஓட்டல் தொறக்கிறியா?" என்றார் கணவர்.

சிரித்தபடி டப்பாக்களைப் பார்த்தாள். ஒன்று கூடுதலாக இருந்தது. அதிலிருந்த மசாலா மட்டும் வெளுத்திருந்தது. தொட்டு நாக்கில் வைத்தாள், துளிக் காரமில்லை. அண்ணனுக்குக் காரம் ஆகாது. ஆனால் அவள் எல்லாவற்றையும் ஒரே சட்டியில்தான் வதக்கியிருந்தாள்.

அன்று மாலை அண்ணி பிள்ளைகளோடு வந்தாள். சூடுபண்ணும் வேலைதான், சட்டென்று முடிந்தது. இந்த முறை அவளும் எல்லோருடனும் சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியை யாரும் இழுக்கவில்லை. அது ஏற்கெனவே இழுபட்டிருந்தது.

அண்ணி அதற்கு நேராக ஒரு தட்டை வைத்தாள்.

"காரமில்லாதத குடும்மா. நீ செஞ்சு வச்சிருப்பேன்னு உங்கண்ணன் வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தார்."

அவள் எழுந்துபோய் அந்த டப்பாவை எடுத்துவந்து, இரண்டு கைகளாலும் நீட்டினாள்.